ஒரே தட்டில் வயல் நண்டும் களப்பு நண்டும்: படத்தைப் பார்த்துப் பிரிப்பது எப்படி?

"கல்முனைச் சந்தையில் ஒரு தட்டில் கலந்து கிடந்த ஐந்து நண்டுகளின் படத்தை இணைத்திருக்கிறேன். விற்றவர் எல்லாமே களப்பு நண்டு என்றார். சிறிய மூன்றும் வயல் நண்டு என்கிறார் அம்மா. ஓடு, கொடுக்கு, கால் ஆகியவற்றைப் பார்த்து எது நன்னீர் நண்டு, எது கடல் நண்டு என்று படத்திலிருந்தே சொல்ல முடியுமா?"

சொல்லலாம். அம்மாவும் வியாபாரியும் ஆளுக்குக் கொஞ்சம் சரி, ஆளுக்குக் கொஞ்சம் பிழை. சிறிய மூன்றில் ஒன்றுதான் வயல் நண்டு. பெரிய இரண்டில் ஒன்று களப்பிலிருந்து வந்ததே அல்ல, கடலில் வலைப்பட்டது. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையில் போக மாட்டேன். கடைசிக் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அடுத்தது ஓட்டின் விளிம்பு, அதற்கடுத்தது இரு கண்களுக்கும் நடுவில் உள்ள நெற்றி. எல்லோரும் முதலில் பார்க்கும் கொடுக்கைக் கடைசிக்கு வையுங்கள். படத்தில் மிகத் தெளிவாகத் தெரிவதும் அதுதான், நம்மை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

நண்டுக்கு ஐந்து சோடிக் கால்கள். முதற்சோடி கொடுக்காக மாறியிருக்கிறது, மற்ற நான்கும் நடக்கும் கால்கள். அந்த நான்கில் ஆகப் பின்னால் இருக்கும் சோடியைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் நுனிக் கணு தட்டையாக, முட்டை வடிவில் அகன்று துடுப்புப் போல இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. அது நீந்தும் நண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மட்டக்களப்பு, அம்பாறைச் சந்தைகளில் காசு கொடுத்து வாங்கும் நண்டுகளில் அநேகமாக எல்லாமே இந்தக் குடும்பம்தான். களப்பிலும் கண்டல் வேர்களுக்கு இடையிலும் பிடிபடும் பெரிய சேற்று நண்டு, நீலக்கால் நண்டு, ஓட்டின் பின்பக்கம் மூன்று புள்ளிகள் உள்ள நண்டு, ஓட்டில் சிலுவைக் குறி தெரியும் சிலுவை நண்டு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தத் துடுப்புக் கால் உண்டு. இலங்கையின் நன்னீர் நண்டுகளில் ஒன்றுக்கும் அது கிடையாது. அவற்றின் நான்கு சோடிக் கால்களும் ஒரே மாதிரி, கூர்மையான நகத்தில் முடியும். வரம்பில் வளை தோண்டி, சேற்றிலும் புல்லிலும் ஏறி இறங்கும் பிராணிக்குப் பற்றிப் பிடிக்கும் நகம்தான் வேண்டும், துடுப்பால் ஒரு பயனும் இல்லை.

சந்தைப் படத்தில் இந்த அடையாளம் மறைந்துபோகும் சந்தர்ப்பங்கள் உண்டு. பெரிய சேற்று நண்டைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள், பின்னங்கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். நீந்தும் நண்டுகளின் துடுப்பு மூட்டோடு கழன்று விழுவதும் வழமை. அப்படியானால் நுனிக்கு முந்திய கணுவைப் பாருங்கள். துடுப்புக் காலில் அந்தக் கணுவும் குட்டையாக, அகலமாக, தட்டையாக இருக்கும். நன்னீர் நண்டில் அது மெலிந்து நீண்டு, முன்னால் உள்ள கால்களின் கணுவைப் போலவே இருக்கும்.

இங்கே ஒரு தருக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். துடுப்பு இருந்தால் கடல் நண்டு என்பது உறுதி. துடுப்பு இல்லை என்பதனால் மட்டும் நன்னீர் நண்டு ஆகிவிடாது. மணலில் ஓடும் நீண்ட கண்தண்டு நண்டு, கண்டற் காட்டின் சதுர ஓட்டு நண்டு, கரையோரத்தில் ஆழமாக வளை தோண்டும் பெரிய தரை நண்டு ஆகிய மூன்றும் கூர்நகக் கால்கள் கொண்டவை. மூன்றும் கடலில் குஞ்சு விடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவை. படத்தைப் பார்த்து "நகம் கூர்மையாக இருக்கிறது, ஆகவே வயல் நண்டு" என்று எழுதுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

அதனால் இரண்டாவதாக ஓட்டின் விளிம்புக்குப் போகிறோம். கண்ணின் வெளிமூலையில் தொடங்கி, ஓடு ஆக அகலமாக இருக்கும் இடம் வரை விளிம்பில் விரலை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சேற்று நண்டிலும் நீலக்கால் நண்டிலும் அந்த விளிம்பில் வாள்பல் போல ஒன்பது பற்கள் இருக்கும். சேற்று நண்டில் ஒன்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீலக்கால் நண்டிலும் மூன்று புள்ளி நண்டிலும் ஒன்பதாவது பல் நீண்டு பக்கவாட்டில் முள்ளாக நிற்கும். இரண்டு பக்கமும் தெரிய வேண்டியதில்லை, ஒரு பக்கம் தெளிவாக இருந்தால் போதும். ஒன்பதையும் எண்ண வேண்டும் என்பதும் இல்லை. சேறு பூசிய படத்தில் நான்கைந்து பற்கள் வரிசையாகத் தெரிந்தாலே அது நன்னீர் நண்டு அல்ல என்று சொல்லிவிடலாம். நன்னீர் நண்டின் விளிம்பு மழுங்கலாக வழுவழுவென்று ஓடும். கண் குழியின் வெளிமூலையில் ஒரு முனை, அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பல், அவ்வளவுதான். படத்தில் அந்தச் சிறு பல்கூடப் பல வேளை தெரியாது.

ஓட்டின் வடிவத்தைப் பற்றிப் பலர் "கடல் நண்டு அகலம், ஆற்று நண்டு உருண்டை" என்று சொல்வார்கள். நீலக்கால் நண்டுக்கு அது பொருந்தும். பக்க முட்களையும் சேர்த்து அளந்தால் அதன் அகலம் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வரும். ஆனால் சேற்று நண்டின் ஓடு அப்படி இல்லை. அதன் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் வயல் நண்டின் விகிதத்துக்கு மிகக் கிட்டத்தில் வருகிறது. அம்மா குழம்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன். விகிதத்தை விட்டுவிட்டு, ஆக அகலமான இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயல் நண்டில் அது முன்பக்கத்துக்குக் கிட்ட, தோளில் இருக்கும். அங்கிருந்து பின்னால் போகப் போக ஓடு ஒடுங்கும். சேற்று நண்டில் அது ஏறக்குறைய நடுவில், ஒன்பதாவது பல்லின் இடத்தில் இருக்கும், முன்பக்கம் விசிறி போல வளைந்து விரியும்.

வயல் நண்டின் தோள் புடைத்தும் இருக்கும். செவுள் அறை மேலே வீங்கி, ஓடு குவிந்து நிற்கிறது. தண்ணீர் வற்றிய பின்னும் ஈரக் காற்றைச் சுவாசித்து உயிரோடிருக்க அந்த அறை உதவுகிறது. இதைப் படத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி ஓட்டில் விழும் வெளிச்சம். சந்தைக் கூரையின் மின்விளக்கு குவிந்த ஓட்டில் இரண்டு தோள்களிலும் தனித்தனியாகச் சிறு பளபளப்பாகத் தெரியும். தட்டையான ஓட்டில் அது பரந்து மங்கிக் கிடக்கும். நிச்சயமான சான்று இல்லைதான். மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்கப் பயன்படும்.

மூன்றாவது, நெற்றி. இரு கண்களுக்கும் நடுவில் உள்ள ஓட்டு விளிம்பைச் சொல்கிறேன். சேற்று நண்டில் அங்கே நான்கு மழுங்கிய பற்கள் முன்னோக்கி நிற்கும். நீலக்கால் நண்டிலும் நான்கு, ஆனால் சிறியவை, கூர்மையானவை. வயல் நண்டின் நெற்றியில் பல்லே கிடையாது. அகன்ற நெற்றி கீழ்நோக்கி மடிந்து, விளிம்பு நேராகவோ நடுவில் இலேசாகக் குழிந்தோ இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் நெற்றி மடிந்திருப்பது தெரியாது, கண்களுக்கு நடுவில் வெட்டிவிட்டது போல ஒரு நேர்கோடுதான் தெரியும். அதுவே போதுமான குறிப்பு. நெற்றிக்குச் சற்றுப் பின்னால் குறுக்காக ஒரு மேட்டுக் கோடும், ஓட்டின் நடுவில் பள்ளக் கோடுகளும் தெரிந்தால் சந்தேகம் இன்னும் குறைகிறது.

இனிக் கொடுக்கு. பெரிய ஆண் சேற்று நண்டின் கொடுக்கு தடித்து வழுவழுப்பாக இருக்கும். வயல் நண்டின் கொடுக்கும் வழுவழுப்புத்தான். ஆண் வயல் நண்டில் ஒரு கொடுக்கு மற்றதைவிடக் கண்ணுக்குப் படும் அளவு பெரிதாக இருக்கும். ஆனால் சேற்று நண்டிலும் இரண்டு கொடுக்குகளும் சரிசமம் அல்ல. தவிர, எந்த நண்டுக்கும் கொடுக்கு ஒடிந்தால் மறுபடி முளைக்கும். புதிதாக முளைத்தது சில தடவை தோல் உரிக்கும் வரை சிறியதாகவே இருக்கும். ஆகவே கொடுக்கின் பருமனை வைத்து முடிவு கட்டாதீர்கள். கவ்வும் பகுதியை விட்டு, அதை உடம்போடு இணைக்கும் நீண்ட கையைப் பாருங்கள். நீந்தும் நண்டுகளில் கையின் முன்விளிம்பில் சில கூரிய முட்கள் வரிசையாக நிற்கும். வயல் நண்டின் கையில் அப்படி வரிசை இல்லை, மணிக்கட்டின் உட்பக்கம் மட்டும் ஒரு பல் இருக்கும். நீலக்கால் நண்டையும் மூன்று புள்ளி நண்டையும் கொடுக்கைக் கொண்டே சொல்லலாம் என்பது உண்மை. அவற்றின் கொடுக்கு நீண்டு மெலிந்து, நீளவாக்கில் வரம்பு வரம்பாக மேடுகள் கொண்டிருக்கும். ஆனால் அந்த இரண்டையும் யாரும் வயல் நண்டு என்று நினைப்பதில்லையே.

இப்போது உங்கள் படம். இடது மூலையில் நீல நைலோன் கயிற்றால் கட்டிய பெரியது. பின்னங்கால்கள் அடியில் மடங்கிக் கிடப்பதால் துடுப்பைக் காணவில்லை. ஆனால் வலப்பக்க விளிம்பில் பற்கள் வரிசையாக நிற்கின்றன, நெற்றியில் நான்கு முனைகள் தெரிகின்றன, கயிற்றுக்கு வெளியே நீட்டிய கையில் முள் தெரிகிறது. சேற்று நண்டு. பக்கத்தில் கிடக்கும் தராசுத் தட்டோடு ஒப்பிட்டால் ஓட்டின் அகலம் 13, 14 சென்டிமீட்டர் வரும். அளவு மட்டுமே இங்கே தீர்ப்புச் சொல்லப் போதும். நமது நன்னீர் நண்டுகளின் ஓடு 5, 6 சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டுவது அரிது, சேற்று நண்டோ 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. உள்ளங்கையை நிறைக்கும் நண்டு எதுவும் வயல் நண்டாக இருக்க முடியாது.

அதற்குப் பக்கத்தில் மல்லாக்க விழாமல் நேராகக் கிடப்பதன் ஓட்டின் பின்பாதியில் கருஞ்சிவப்பாக மூன்று புள்ளிகள். பக்க முள்ளும் துடுப்பும் தெளிவாகத் தெரிகின்றன. இது திறந்த கரையோரக் கடலின் மணற்பாங்கான இடங்களில் வாழ்வது. வியாபாரி இதையும் களப்புக் கணக்கில் சேர்த்தது விலைக்காக இருக்கலாம்.

சிறியவைதான் சுவாரசியம். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றும் சேற்று நிறம். நிறத்தை நம்பினால் மூன்றும் ஒன்றுதான், அம்மா நம்பியதும் நிறத்தைத்தான். மேலே கிடப்பதன் பின்னங்கால் வெளியே நீட்டியிருக்கிறது, நுனி அகன்ற தட்டு. விளிம்பிலும் பற்கள். சேற்று நண்டின் குஞ்சு இது, இன்னும் பல தடவை தோல் உரித்துப் பெரிதாக வேண்டியது. இந்த அளவில் அதைப் பிடித்து விற்பது வீண் என்பது என் கருத்து, ஓட்டைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

நடுவில் உள்ளதற்குப் பின்னங்கால் கூர்நகத்தில் முடிகிறது. விளிம்பு வழுவழுப்பு, தோள் புடைத்திருக்கிறது, ஓடு பின்னால் ஒடுங்குகிறது, கண்களுக்கு நடுவில் நேர்கோடு, கையில் முள் வரிசை இல்லை, வலக்கொடுக்கு இடதைவிடப் பெரிது. இத்தனை அடையாளங்களும் ஒரே பக்கம் சாய்கின்றன. இது வயல் நண்டு. சம்மாந்துறைப் பக்கத்து வாய்க்காலிலோ வரம்பிலோ பிடித்ததாக இருக்கலாம். எந்த இனம் என்று கேட்காதீர்கள். இலங்கையில் நன்னீர் நண்டினங்கள் சுமார் 50 உண்டு, அநேகமாக எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். தாழ்நில வயல்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஓசியோதெல்ஃபூசா என்ற பேரினம் என்பதற்கு மேல் சந்தைப் படத்திலிருந்து ஒருவர் இனப்பெயர் சொன்னால், அது ஊகம்.

அடியில் பாதி மறைந்து கிடக்கும் மூன்றாவதற்குப் போவதற்கு முன், "எங்கே பிடித்தீர்கள் என்று வியாபாரியிடம் கேட்டால் தெரிந்துவிடாதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் அது ஓரளவு உதவும். மட்டக்களப்பு வாவிக்கரையில் உதவாது. பெரும்போக மழை இறங்கி ஆறுகள் வாவிக்குள் கொட்டும் மாதங்களில் வாவியின் உட்பகுதித் தண்ணீர் உப்புக் குறைந்து நன்னீருக்குக் கிட்ட வந்துவிடும். முகத்துவாரம் வெட்டுண்டு கடல் உள்ளே வந்தால் மறுபடி கரிக்கும். சேற்று நண்டு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பிராணி. வாயில் வைத்தால் உப்பே தெரியாத தண்ணீரிலும் அது பிடிபடும். ஆனாலும் அது கடல் நண்டுதான். முட்டை தாங்கிய பெண் கடலுக்குப் போய்த்தான் பொரிக்கும். குஞ்சு முதலில் நண்டு வடிவத்திலேயே இராது, மிதக்கும் மிகச் சிறிய குடம்பியாகக் கடலில் சில வாரங்கள் கழித்த பின்புதான் நண்டாகிறது. வயல் நண்டுக்குக் கடலே தேவையில்லை. முட்டையிலிருந்து நேரே குட்டி நண்டாக வெளியே வந்து, தாயின் வயிற்று மடிப்புக்குள் சில நாட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தண்ணீரை விட்டு உடம்பைப் பார்ப்பதே வழி.

இந்த வேறுபாடு படத்திலும் ஒரு தடயம் தருகிறது, மல்லாக்கக் கிடக்கும் பெண் நண்டு அகப்பட்டால். கடல் நண்டின் முட்டைத் திரள் பொடிப்பொடியான மணிகளாக, இலட்சக்கணக்கில், பஞ்சு போல அடைந்திருக்கும். வயல் நண்டின் முட்டை ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிது, எண்ணிக்கை மிகக் குறைவு. முட்டை இல்லாத வெறும் வயிற்று மடிப்பை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். அகன்றால் பெண், ஒடுங்கினால் ஆண் என்பதற்கு மேல் அது நமது கேள்விக்கு உதவாது.

அந்த அடியில் கிடப்பது. தெரிகிற ஒரு கால் கூர்மையாக முடிகிறது, ஆனால் கால் முழுவதும் தட்டையாக, ஓரத்தில் மயிர் விளிம்போடு இருக்கிறது. ஓடு சதுரம், வயல் நண்டைப் போலப் புடைக்காமல் பலகை போலத் தட்டை. பக்க விளிம்பில் கண்மூலையையும் சேர்த்து மூன்று முனைகள் தெரிகின்றன. இது வருணா என்ற பேரினத்து நண்டாக இருக்க வேண்டும். வயல் நண்டு என்று தவறாகப் பெயர் பெறுவதில் முதலிடம் இதற்குத்தான். ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்துக்குக் கிட்டவும் வாழும், ஆனால் இனம் பெருக்கக் கடலுக்கு இறங்கும். நீந்தும் நண்டைப் போல ஒரு சோடிக் காலை மட்டும் துடுப்பாக்காமல், நடக்கும் கால்கள் எல்லாவற்றையும் தட்டையாக்கி நீந்துகிறது. அதனால்தான் கூர்நகத்தை மட்டும் பார்ப்பவர் இதில் சறுக்குகிறார்.

இந்தக் கடைசி முடிவில் மட்டும் எனக்கு இன்னொரு படம் வேண்டும். மறுபடி சந்தைக்குப் போனால், நண்டை ஒரு தட்டையான பரப்பில் வைத்து, நேர் மேலிருந்து ஒன்றும் முகத்துக்கு நேராக ஒன்றும் எடுங்கள். ஓட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள். மிகக் கிட்டப் பிடித்துக் கைபேசியில் எடுத்தால் முன்பக்கம் ஊதிப் பெரிதாகும், வயல் நண்டல்லாததும் தோள் புடைத்தது போலத் தெரியும். அதனால் ஒரு முழம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு பெரிதாக்கிக்கொள்வது நல்லது. சமைத்த பின் எடுத்தாலும் பாதகமில்லை. நிறம்தான் சிவந்துபோகும், பல்லும் நகமும் துடுப்பும் அப்படியே இருக்கும். நடுவில் உள்ள அந்த வயல் நண்டைச் சமைப்பதாக இருந்தால் நன்றாக வேகவிடுங்கள். நன்னீர் நண்டுகளின் சதையில் நுரையீரல் புழுவின் இளநிலை இருக்கக்கூடும், அரைவேக்காட்டில் அது சாகாது.